ஏரும் சென்டும்: பரப்பிலும் கன அளவிலும் நேரும் கணக்குப் பிழைகள்

அன்னவாசல் வட்டாரத்திலே ஒரு குடியானவரின் இரும்புப் பெட்டியைத் திறந்தால், ஒரே நிலத்தைப் பற்றிய இரண்டு காகிதங்கள் இருக்கக் காணலாம். ஒன்று, அவருடைய பாட்டனார் காலத்துக் கிரயப் பத்திரம். அதில் 'புஞ்சை ஏக்கர் 1' என்று எழுதியிருக்கும். மற்றொன்று, வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து பெற்ற பட்டா. அதே நிலத்திற்கு நேராக, பரப்பு என்னும் பத்தியில் '0 - 40.50' என்று காணப்படும். பத்திரத்தில் நூறு சென்டு, பட்டாவில் நாற்பதரை. மீதி ஐம்பத்தொன்பதரைச் சென்டு எங்கே போயிற்று? அடுத்த வயல்காரர் வரப்பை நகர்த்திவிட்டாரா, அளந்தவர் தவறாக அளந்துவிட்டாரா என்று மனக்கசப்பு தொடங்கிவிடுகிறது. நிலத்தை விற்கப் புறப்பட்டவராக இருந்தால், தரகர் 'நாற்பது சென்டுதானே இருக்கிறது' என்று சொல்லும் விலைக்கு அவர் தலையை அசைத்துவிடவும் கூடும்.

உண்மையில் நிலம் ஓர் அங்குலமும் குறையவில்லை. பட்டாவில் உள்ள 40.50 என்பது சென்டு அன்று, ஏர். ஓர் ஏர் என்பது ஏறத்தாழ இரண்டரைச் சென்டுக்குச் சமம். நுட்பமாகச் சொன்னால் 2.471 சென்டு. நாற்பதரையை 2.471-ஆல் பெருக்கிப் பார்த்தால் 100.08 சென்டு வருகிறது. அதாவது பாட்டனார் வாங்கிய அதே ஓர் ஏக்கர்.

இக்குழப்பம் எவ்வாறு நேர்ந்தது என்பதைச் சிறிது விளக்குவோம். நம் நாட்டில் எடை அளவுகளுக்கான சட்டம் 1956-ஆம் ஆண்டில் நிறைவேறி, 1958 அக்டோபர் முதல் தேதியிலிருந்து மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. சேரும் வீசையும் சந்தையிலிருந்து சில ஆண்டுகளில் மறைந்தன. நிலம் மட்டும் அவ்வளவு எளிதில் மாறவில்லை. 1979-ஆம் ஆண்டில் தொடங்கிய நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் (இதன் பெயரால்தான் இன்றும் மக்கள் 'யு.டி.ஆர். பட்டா' என்கிறார்கள்) கிராமக் கணக்குகள் ஹெக்டேர், ஏர் என்னும் அளவுகளில் எழுதப்பட்டன. பேச்சு வழக்கோ ஏக்கரிலும் சென்டிலும் நின்றுவிட்டது. ஆகவே நம் குடியானவர்கள் எழுத்தில் ஓர் அளவும் வாயில் வேறோர் அளவுமாக வாழ்ந்து வருகிறார்கள்.

ஏர் என்றவுடன் நமக்குக் கலப்பை நினைவுக்கு வருகிறது. இந்த ஏருக்கும் உழுகிற ஏருக்கும் உறவு கிடையாது. 1795-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டார் மெட்ரிக் அளவுகளைச் சட்டமாக்கியபோது, நிலத்தை அளப்பதற்கென்று வைத்த பெயர் இது. லத்தீன் மொழியில் 'ஆரியா' என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. அச்சொல்லுக்குக் கதிரடிக்கும் களம் என்பதும் ஒரு பொருள் என்று அறியும்போது, உறவு அடியோடு இல்லை என்றும் சொல்ல மனம் வரவில்லை.

பத்து மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உள்ள ஒரு சதுரக் களத்தை எண்ணிக்கொள்வோம். அதன் பரப்பு 100 சதுர மீட்டர். அதுவே ஓர் ஏர். இத்தகைய நூறு களங்கள் சேர்ந்தது ஒரு ஹெக்டேர். 'ஹெக்டோ' என்பது கிரேக்க மொழியில் நூறு என்னும் சொல்லிலிருந்து வந்த முன்னொட்டு. 'டெக்கா' பத்து; 'கிலோ' ஆயிரம். இவை பெருக்கும் முன்னொட்டுகள். வகுக்கும் முன்னொட்டுகளுக்கு லத்தீன் மொழியிலிருந்து பெயர் எடுத்தார்கள். 'டெசி' பத்தில் ஒன்று; 'சென்டி' நூற்றில் ஒன்று; 'மில்லி' ஆயிரத்தில் ஒன்று. அன்றாட வாழ்வுக்கு இந்த ஆறு முன்னொட்டுகளே போதுமானவை.

இம்முன்னொட்டுகள் அலகுகளின் தலையில் ஏறி அமர்கின்றன. அலகுகளிலே சில அடிப்படை அலகுகள். நீளத்துக்கு மீட்டர், பொருண்மைக்குக் கிலோகிராம், காலத்துக்கு வினாடி என்று மொத்தம் ஏழு உண்டு. கிலோகிராம் ஒன்றுதான் அடிப்படை அலகாக இருந்தும் முன்னொட்டைத் தன் பெயரிலேயே சுமந்து நிற்பது. அது பழைய வழக்கின் எச்சம்; நமக்கு இங்கே அதனால் தொல்லை இல்லை. தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. பரப்புக்கும் கன அளவுக்கும் தனியான அடிப்படை அலகு கிடையாது! மீட்டரை மீட்டரால் பெருக்கிப் பரப்பையும், அதை மறுபடியும் மீட்டரால் பெருக்கிக் கன அளவையும் நாம் உண்டாக்கிக்கொள்கிறோம். அவ்வாறு பெருக்கும்போது, மீட்டரின் தலையில் அமர்ந்திருக்கும் முன்னொட்டும் கூடவே பெருகிவிடுகிறது. பிழைகள் பெரும்பாலும் இந்த ஓரிடத்தில்தான் பிறக்கின்றன.

நம் வீட்டுப் பெண்மணிகள் இதை நன்கறிவார்கள். வாசலில் பத்துப் புள்ளி, பத்து வரிசை வைத்துக் கோலம் போடுகிறவர் நூறு புள்ளி வைக்கிறார். மார்கழியில் அதைப் பெரிதாக்கி இருபது புள்ளி, இருபது வரிசை வைத்தால், புள்ளிகள் இரண்டு மடங்காவதில்லை. நானூறாகி நான்கு மடங்காகின்றன. மாவும் அதற்கேற்பச் செலவாகிறது. அவ்வாறே ஒரு சதுர மீட்டர் தரையில் சென்டிமீட்டர்க் கட்டங்கள் வரைந்தால், ஒரு வரிசைக்கு நூறு, நூறு வரிசைக்குப் பதினாயிரம் கட்டங்கள் அமையும். ஒரு மீட்டருக்கு நூறு சென்டிமீட்டர் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தவர், ஒரு சதுர மீட்டருக்கும் நூறு சதுர சென்டிமீட்டர் என்று எழுதினால், தொண்ணூற்றொன்பது வரிசைகளை மறந்தவராகிறார்.

நம் முன்னோர் இதில் எச்சரிக்கையாக இருந்தார்கள். சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில் நிலத்தின் அளவைச் சொல்லும்போது, அது பன்னிரு சாண் கோலால் அளந்ததா, பதினாறு சாண் கோலால் அளந்ததா என்பதைக் குறிப்பதைக் காண்கிறோம். கோல் நீளத்தை அளப்பது. குழி என்பதோ கோலுக்குக் கோல் பெருக்கிய சதுரம். பன்னிரு சாண் கோலைவிடப் பதினாறு சாண் கோல் மூன்றில் ஒரு பங்குதான் நீளம் அதிகம். ஆனால் அக்கோலால் அளந்த குழி, முன்னதைவிட நான்கில் மூன்று பங்குக்கும் சற்றுக் கூடுதலாகப் பெரிது. பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கினால் 144. பதினாறைப் பதினாறால் பெருக்கினால் 256. கோலைச் சொல்லாமல் குழியை மட்டும் சொன்னால் வரிக்கணக்கு என்னவாகும் என்பதைக் கல்லில் வெட்டியவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

இனி ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு சதுர கிலோமீட்டர் என்பது ஆயிரம் சதுர மீட்டர் அன்று. அது ஆயிரம் மீட்டருக்கு ஆயிரம் மீட்டர். அதாவது பத்து லட்சம் சதுர மீட்டர். இங்கே 'கிலோ' என்னும் முன்னொட்டு மீட்டரோடு ஒட்டிக்கொண்ட பிறகே சதுரமாக்கப்படுகிறது. ஆனால் ஹெக்டேர் என்பது நூறு ஏர் மட்டுமே. பதினாயிரம் ஏர் அன்று. ஏனெனில் ஏர் என்பது முன்பே பரப்பாகிவிட்ட அலகின் பெயர்; அதன்மேல் ஏறும் முன்னொட்டு சாதாரணமாகவே பெருக்கும். லிட்டரும் இவ்வாறே. கிலோலிட்டர் என்பது ஆயிரம் லிட்டர். லிட்டர் முன்பே கன அளவாகிவிட்டது. எனவே முன்னொட்டைக் கண்டவுடன் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இது மீட்டரின் மேல் ஏறிச் சதுரமோ கனமோ ஆகியிருக்கிறதா, அல்லது ஏர், லிட்டர் போன்ற ஆயத்தமான அலகின் மேல் அமர்ந்திருக்கிறதா?

இப்போது பட்டாவுக்குத் திரும்புவோம். '0 - 40.50' என்பதில் இடைக்கோட்டுக்கு இடப்புறம் ஹெக்டேர், வலப்புறம் ஏர். 40.50 ஏர் என்றால் 4,050 சதுர மீட்டர். ஏக்கர் ஒன்றுக்கு 4,047 சதுர மீட்டர் ஆகையால் இரண்டும் ஒன்றே என்பது விளங்குகிறது. மூன்று சதுர மீட்டர் மிகுதியாகத் தோன்றுவதைப் பற்றி மகிழவோ கவலைப்படவோ வேண்டுவதில்லை. பல பட்டாக்களில் ஏரின் பின்னம் அரை ஏராகவே முழுமைப்படுத்தப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். அதனால் கால் ஏர், அதாவது அரைச் சென்டுக்குச் சற்று மேல் வரை, வித்தியாசம் வருவது இயல்பு. வித்தியாசம் பல சென்டுகளாக இருந்தால் அது வெறும் கணக்குப் பிழையன்று. அப்போது நில அளவரைக் கொண்டு புலத்தை அளந்து பார்ப்பதே முறை.

சிறிய துண்டு நிலங்களில் இதைவிடக் கொடிய பிழை ஒன்று உண்டு. பட்டாவில் '0 - 04.50' என்று இருக்கிறது. ஒருவர் அதை ஒரு விண்ணப்பத்தில் 'ஹெக்டேர் 0.45' என்று எழுதிவிடுகிறார். இடைக்கோட்டைப் புள்ளியாக எண்ணி, நடுவிலிருந்த சுழியத்தை விழுங்கிவிட்டார். நாலரை ஏர் என்பது நூறால் வகுக்க 0.045 ஹெக்டேர். நிலம் உண்மையில் 11 சென்டு. விண்ணப்பத்திலோ 1 ஏக்கர் 11 சென்டு. பத்து மடங்கு! கடன், மானியம், பயிர்க் காப்பீடு எதற்கு அந்த விண்ணப்பம் போனாலும், பட்டாவோடு ஒப்பிட்டுப் பார்க்கும் இடத்தில் அது திரும்பி வரும். ஒப்பிடாத இடத்தில் பின்னால் வழக்காக வரும். ஏர் என்னும் பத்தியில் எப்போதும் இரண்டு இலக்கம் இருக்க வேண்டும் என்பதை நினைவிற்கொண்டால் இப்பிழை நேராது.

வயலில் இப்பிழை எவ்வாறு வெளிப்படும் என்பதற்கு ஓர் உதாரணம் காட்டுவோம். நம் வட்டாரத்துச் செம்மண் புஞ்சைகளில் நிலக்கடலை முக்கியமான பயிர். கடலைக்கு ஹெக்டேர் ஒன்றுக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்க வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசு. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து காயில் பருப்பு நிரம்புவதற்கு உதவுகிறது. குறைந்தால் பொக்குக் காய் மிகும். நம் குடியானவரின் நிலம் 40.50 ஏர், அதாவது 0.405 ஹெக்டேர். 400-ஐ 0.405-ஆல் பெருக்க 162 கிலோ வேண்டும். இதையே அவர் நாற்பதரைச் சென்டு என்று எண்ணினால், ஏக்கருக்கு 160 கிலோ வீதம் 65 கிலோவை வாங்கி வந்து, முழு ஏக்கருக்கும் மெலிதாகத் தூவிவிடுவார். அறுவடையில் காய் பொக்காக இருந்தால் விதையைக் குறை கூறுவார். மழையைக் குறை கூறுவார். பட்டாவின் பரப்புப் பத்தியை யார் சந்தேகிக்கப் போகிறார்கள்?

இத்தகைய சிபாரிசுகளை மனத்திலே சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஹெக்டேருக்கு 400 கிலோ என்றால், நூறில் ஒரு பங்கான ஏருக்கு 4 கிலோ. அதிலும் நூறில் ஒரு பங்கான சதுர மீட்டருக்கு 40 கிராம். கையில் அள்ளினால் ஒரு சிறு பிடி. தூவும்போது சதுர மீட்டருக்கு ஒரு சிறு பிடி விழுகிறதா, ஒரு சிட்டிகை விழுகிறதா என்று கண்ணாலேயே அறிந்துகொள்ளலாம்.

அன்னவாசல் பேரூராட்சி எல்லைக்குள் மனை வாங்குகிறவர்களுக்கு வேறொரு சங்கடம் உண்டு. மனையின் பரப்பு சதுர மீட்டரில் எழுதப்பட்டிருக்கிறது. விலையோ சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. 162 சதுர மீட்டர் மனையை அடியாக்க, மீட்டருக்கு 3.28 அடி என்பதை நினைவில் வைத்தவர் 162-ஐ 3.28-ஆல் பெருக்கி 531 சதுர அடி என்கிறார். ஆனால் அடியும் மீட்டரும் நீளங்கள், பரப்புக்கு 3.28-ஐ 3.28-ஆல் பெருக்கிய 10.76 என்னும் எண்ணைக் கொள்ள வேண்டும். சரியான விடை 1,744 சதுர அடி. நாலு சென்டு மனை. வாங்குகிறவர் இப்பிழையைச் செய்தால் விற்கிறவர் உடனே திருத்துவார். விற்கிறவரே செய்தால்தான் ஆபத்து.

பரப்பில் ஒருமுறை பெருகிய பிழை, கன அளவில் இன்னொரு முறையும் பெருகுகிறது. இதைக் கண்மாய் வண்டலை வைத்தே பார்ப்போம்.

கோடைக்காலத்தில் கண்மாய் வற்றியதும் அதன் வண்டலை அள்ளிப் புஞ்சையில் பரப்புவது இப்பக்கத்தில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். 2017-ஆம் ஆண்டில் தமிழக அரசு இதற்கு அனுமதி அளித்தபோது, ஏக்கர் ஒன்றுக்கு நஞ்சைக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் என்று அளவு வகுத்தது. ஆணையில் கன மீட்டர். ஆனால் மண் விற்பவரும் வண்டிக்காரரும் பேசுவது 'யூனிட்'. ஒரு யூனிட் என்பது நூறு கன அடி. இரண்டுக்கும் பாலம் போடாமல் வண்டி நகராது.

ஓர் ஏக்கர் புஞ்சைக்கு 90 கன மீட்டர். இதை 3.28-ஆல் பெருக்குகிறவருக்கு 295 கன அடி கிடைக்கிறது, மூன்று யூனிட். சதுர அடிக் கணக்கு நினைவுக்கு வந்து 10.76-ஆல் பெருக்குகிறவருக்கு 968 கன அடி. ஒன்பது யூனிட்டுக்கு மேல். இரண்டும் தவறு. நீளம், அகலம், ஆழம் என்று மூன்று பக்கமும் மீட்டர் அடியாக மாறுவதால், 3.28-ஐ மூன்று முறை பெருக்கி வரும் 35.3 என்பதே கன மீட்டருக்குரிய எண். 90-ஐ அதனால் பெருக்க 3,178 கன அடி; கிட்டத்தட்ட 32 யூனிட். டிராக்டர் டிப்பர் ஒன்றுக்கு மூன்று கன மீட்டர் என்று வைத்தால் முப்பது நடை. முதற் பிழையைச் செய்தவர் மூன்று நடையோடு நிறுத்திக்கொண்டு, தமக்கு உரிய மண்ணில் பத்தில் ஒன்பது பங்கைக் கண்மாயிலேயே விட்டு வருகிறார். எதிர்த் திசையில் பிழை செய்கிறவர் அனுமதிக்கு மேல் அள்ளியவராகி அபராதத்துக்கு ஆளாகிறார்.

விடை சரியா என்று எவ்வாறு அறிவது? மண்ணை நிலத்தில் பரப்பிப் பார்க்க வேண்டியதுதான். அதைக் கணக்கிலேயே செய்யலாம். 90 கன மீட்டர் மண்ணை 4,047 சதுர மீட்டரில் பரப்பினால் அதன் கனம் 90-ஐ 4,047-ஆல் வகுத்த 0.022 மீட்டர், அதாவது இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு விரற்கடைக்கு மேல் வண்டல். உழுது கலக்க ஏற்ற அளவு. மூன்று யூனிட்டைப் பரப்பினாலோ இரண்டு மில்லிமீட்டர்தான் வரும். கோலமாவு தூவியது போலிருக்கும். அப்படி ஒரு விடை வந்தால், பெருக்கிய எண்ணில்தான் கோளாறு என்று தெரிந்துகொள்ளலாம்.

கண்மாயில் வெட்டிய குழியை அளந்து மண்ணைக் கணக்கிடும்போது மற்றொரு தவறு வருகிறது. 12 மீட்டர் நீளம், ஏழரை மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் உள்ள குழியில் எடுத்த மண் 90 கன மீட்டர். நாடாவில் சென்டிமீட்டராகவே படித்து 1,200, 750, 100 என்று எழுதிப் பெருக்கினால் ஒன்பது கோடி கன சென்டிமீட்டர் வரும். அதை மீட்டராக்க நூறால் வகுத்தால் ஒன்பது லட்சம் கன மீட்டர்! ஒரு சிறு குழியிலிருந்து மூன்று லட்சம் டிராக்டர் மண் எடுத்ததாகும். நூறை மூன்று முறை பெருக்கிய பத்து லட்சத்தால் வகுத்தால்தான் 90 கிடைக்கும். ஆகவே, பெருக்கிய பிறகு அலகை மாற்றுவதைவிட, மாற்றிய பிறகு பெருக்குவது நன்று. நாடாவைப் பிடித்தவுடனேயே 12, 7.5, 1 என்று மீட்டரில் எழுதிக்கொண்டால், சதுரத்தையும் கனத்தையும் பற்றி நினைக்கவே வேண்டுவதில்லை. நீளத்தை மாற்றத் தெரிந்தவர்க்கு மற்றவை தாமே மாறிவிடும். (குழியின் பக்கங்கள் சரிவாக இருந்தால் மேல்வாய் அளவை மட்டும் கொண்டு பெருக்குவது தவறு, அது அலகுப் பிழையன்று, வடிவப் பிழை. அதை வேறோர் இதழில் விளக்கலாம்.)

அணை நீர்மட்டம் பற்றிய செய்திகளில் 'டி.எம்.சி.' என்று வாசகர்கள் அடிக்கடி பார்த்திருப்பார்கள். ஆயிரம் மில்லியன் கன அடி என்பது அதன் விரிவு. நூறு கோடி கன அடி. இங்கே ஆயிரமும் மில்லியனும் முன்னொட்டுகள் அல்ல, வெறும் எண்ணிக்கை. கன அடி என்னும் சிறு பெட்டிகளை எண்ணிச் சொல்கின்றன. ஆதலால் அவை கனமாகப் பெருகுவதில்லை. 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. மெட்ரிக் அளவில் இது 264 கோடியே 70 லட்சம் கன மீட்டர். இதைக் கன கிலோமீட்டராக்க விரும்பி ஆயிரத்தால் வகுப்பவர் இருபத்தாறு லட்சம் கன கிலோமீட்டர் என்பார். கன கிலோமீட்டரில் 'கிலோ' மூன்று முறை பெருகியிருப்பதால் நூறு கோடியால் வகுக்க வேண்டும். விடை 2.65 கன கிலோமீட்டர். அணை நிரம்பும்போது நீர் பரவும் பரப்பு ஏறத்தாழ 153 சதுர கிலோமீட்டர். 2.65-ஐ 153-ஆல் வகுத்தால் சராசரி ஆழம் 0.017 கிலோமீட்டர், அதாவது 17 மீட்டர். முழு நீர்மட்டம் 120 அடி, அதாவது 36 மீட்டருக்குச் சற்று மேல் என்பதால், சராசரி ஆழம் அதில் ஏறக்குறையப் பாதியாக இருப்பது பொருத்தமே.

கடைசியாக மழைக் கணக்கு. மழை பெய்த மறுநாள் நாளிதழ்களில் அன்னவாசல், குடுமியான்மலை, இலுப்பூர் என்று ஊர்வாரியாக மழையளவு மில்லிமீட்டரில் வெளியாகிறது. மில்லிமீட்டர் என்பது நீளத்தின் அலகாயிற்றே, மழையை எவ்வாறு நீளத்தால் அளப்பது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பெய்த நீர் ஓடாமல், மண்ணில் இறங்காமல், ஆவியாகாமல் அப்படியே நின்றால் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதே அந்த அளவு. எந்தப் பரப்பில் நிற்கிறது என்பதைச் சேர்த்தால்தான் அது கன அளவாகும்.

ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை நின்றால் அது சரியாக ஒரு லிட்டர். ஏன் என்று பார்ப்போம். ஒரு மில்லிமீட்டர் என்பது மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எனவே அந்நீர் ஒரு கன மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு கன மீட்டருக்கு ஆயிரம் லிட்டர். ஆகவே ஒரு லிட்டர். 'மில்லி' ஒரு திசையில் மட்டுமே, அதாவது உயரத்தில் மட்டுமே, வந்திருப்பதால் ஒருமுறைதான் வகுத்தது, கனமாகப் பெருகவில்லை. மூன்று திசையிலும் மில்லிமீட்டர் இருந்திருந்தால் அது கன மில்லிமீட்டர்; ஒரு துளியை விடச் சிறியது.

நம் குடியானவரின் 4,050 சதுர மீட்டர் புஞ்சையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தது. ஐம்பதை 4,050-ஆல் பெருக்க 2,02,500 வருகிறது. இது லிட்டர். கன மீட்டராக வேண்டுமானால், 50 மில்லிமீட்டரை 0.05 மீட்டர் என்று முதலில் மாற்றிப் பெருக்க வேண்டும், 202.5 கன மீட்டர் வரும். பண்ணைக்குட்டை வெட்டத் திட்டமிடுகிறவர் மில்லிமீட்டரையும் சதுர மீட்டரையும் கலந்து பெருக்கிவிட்டு, 2,02,500-க்குப் பக்கத்தில் 'கன மீட்டர்' என்று எழுதினால், எண் சரியாயிருந்தும் அலகு ஆயிரம் மடங்கு பொய்யாகிறது. அவ்வளவு நீரை ஒன்றரை மீட்டர் ஆழக் குட்டையில் தேக்க வேண்டுமானால் பதின்மூன்றரை ஹெக்டேர் நிலம் தேவை; அவரிடம் இருப்பதோ அரை ஹெக்டேருக்கும் குறைவு. உண்மையான 202.5 கன மீட்டருக்கோ, அதே ஒன்றரை மீட்டர் ஆழத்தில் 135 சதுர மீட்டர், அதாவது ஒன்றேகால் ஏரைவிடச் சற்று மிகுந்த இடம் போதும். அதுவும் பெய்த நீர் முழுவதும் குட்டைக்கு வந்தால். செம்மண்ணில் ஒரு பங்கு உள்ளே இறங்கிவிடுமாகையால், இதைவிடச் சிறிய குட்டையே அவருடைய நிலத்தில் ஒரு மழைக்கு நிரம்பும்.